ஷிப்ட் படி உயர்வு: தொழிலாளர்கள் கவனத்திற்கு

நிர்வாகம் ஷிப்ட் படியைத் திருத்திச் சுற்றறிக்கை வெளியிட்டுள்ளது. முழு அறிக்கை டைம் ஆபீஸில் இருக்கிறது. முக்கியமானது மட்டும் இங்கே.

ஜூலை 1 முதல் இரண்டாம் ஷிப்டுக்கு (மதியம் 2 முதல் இரவு 10) நாளுக்கு 40 ரூபாய் 60 ஆகிறது. நைட் ஷிப்டுக்கு (இரவு 10 முதல் காலை 6) 75 ரூபாய் 110 ஆகிறது. முதல் ஷிப்டுக்குப் படி கிடையாது. மாதம் 12 நைட் பார்ப்பவருக்கு இதுவரை 900 ரூபாய் வந்தது, இனி 1,320 வரும். ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கும் இதே தொகைதான்.

குறைந்தது 6 மணி நேரம் வேலை பார்த்திருந்தால்தான் அன்றைய படி உண்டு. பெர்மிஷன் போட்டுப் பாதியில் போனால் கிடைக்காது. லீவு நாளுக்கும் இல்லை.

நைட் ஷிப்டில் உள்ளே வந்த தேதிதான் கணக்கு. ஜூலை 31 இரவு 10 மணிக்கு வந்தால் அது ஜூலை மாதப் படியில் சேரும். காலையில் அவசரத்தில் அவுட் பஞ்ச் வைக்க மறப்பவர்கள் நிறையப் பேர். அது இல்லாவிட்டால் படி ஏறாது. மறந்துவிட்டால் மறுநாளே சூப்பர்வைசர் கையெழுத்தோடு டைம் ஆபீஸில் சொல்லுங்கள்.

நைட்டில் தரும் டீ, பன் வழக்கம்போல் உண்டு. அதற்குப் பிடித்தம் இல்லை.

ஆகஸ்ட் சம்பளச் சீட்டில் ‘ஷிப்ட் படி’ வரியைப் பாருங்கள். குறைந்திருந்தால் 15ஆம் தேதிக்குள் தெரிவிக்கவும்.

– மனிதவளத் துறை