ஈயச்சொம்புக்கு 30 விநாடி விளம்பரக் காணொளி

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். கும்பகோணத்தில் சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் குறுவிளம்பரக் காணொளிகள் எடுத்துக் கொடுக்கும் தொழிலைத் தனியாகச் செய்து வருகிறேன். பெரிய கடைத்தெருவில் உள்ள தங்கள் பாத்திரக்கடைக்குச் சென்ற மாதம் என் தங்கையின் சீர்வரிசைச் சாமான்கள் வாங்க வந்திருந்தேன். அப்போது பார்த்த ஒன்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஈயச்சொம்பு கேட்டு வந்த ஓர் அம்மாள், இதில் காரீயம் கலந்திருக்குமோ என்று தயங்கியபோது, தாங்கள் பதில் எதுவும் சொல்லாமல் சொம்பின் விளிம்பை அவர் காதருகே வைத்து இலேசாக அழுத்தினீர்கள். நறநறவென்று ஒரு சத்தம் கேட்டது. வெள்ளீயம் வளையும்போதுதான் இந்தச் சத்தம் வரும், காரீயம் சத்தமில்லாமல் வளைந்துவிடும் என்று அதன் பிறகு விளக்கினீர்கள். அவர் உடனே எடை போடச் சொல்லிவிட்டார். அந்தச் சில விநாடிகளைவிடச் சிறந்த விளம்பரத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. ஆனால் தங்கள் கடையின் முகநூல் பக்கத்தில் பண்டிகை வாழ்த்துப் படங்களைத் தவிர வேறு எதையும் காணவில்லை.

எனவே நான் எடுக்க விரும்புவது, கைப்பேசியில் நேராகப் பிடித்தபடியே பார்க்கக்கூடிய, 30 விநாடிக்குள் முடியும் மூன்று காணொளிகள். முதலாவது, மேலே சொன்ன அந்தச் சத்தம். இதற்குப் பின்னணி இசையே வேண்டாம். இரண்டாவது, ஈயச்சொம்பில் ரசம் வைக்கும் முறை. வெறும் சொம்பை அடுப்பில் ஏற்றி உருக்கிவிட்டவர்கள் பலர் உண்டு. 232 டிகிரி செல்சியஸிலேயே வெள்ளீயம் உருகிவிடும் என்பதால், முதலில் புளிக்கரைசலை ஊற்றி, பிறகு சிறு தீயில் ஏற்றி, நுரை கட்டியதும் இறக்கி, தாளிப்பைத் தனிக் கரண்டியில் செய்து சேர்க்க வேண்டும் என்பதைத் தங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரே செய்து காட்டினால் போதும். வாங்கப் பயப்படுகிறவர்களின் பயம் இதில் தீரும் என்பது என் நம்பிக்கை. மூன்றாவது, பித்தளைக் குடம், அண்டா, குத்துவிளக்கு எல்லாம் சேர்ந்த சீர்வரிசை அடுக்கு. (பளபளப்பான குடத்தில் படம் எடுப்பவனின் நிழலும் விழும்; அதை மறைக்க வெள்ளைத் துணித் திரை கொண்டு வருகிறேன்.)

நடிகர்கள் தேவையில்லை, தாங்களே பேசுவது நல்லது. சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களும் உண்டு என்பதால், பேசுவதெல்லாம் தமிழ் எழுத்திலும் திரையில் வரும். ஈயத்தின் விலை ஏறி இறங்கும் என்பதால் காணொளியில் விலையைச் சொல்ல வேண்டாம் என்பது என் கருத்து. அப்போதுதான் அடுத்த தை மாதத்திலும் அதையே பயன்படுத்தலாம். அதேபோல், தங்களிடம் பரிசோதனைச் சான்று இருந்தால் மட்டுமே ‘நூறு சதவீதம் சுத்தம்’ என்ற வாசகத்தைச் சேர்ப்பேன். திரைப்படப் பாடல்களையும் உரிமை பெறாமல் சேர்க்க மாட்டேன். சில கடைக்காரர்கள் இதனால் என்னோடு மனத்தாங்கல் கொண்டதுண்டு, ஆனாலும் உரிமைப் புகார் வந்து காணொளி நீக்கப்பட்டால் நஷ்டம் கடைக்குத்தான்.

மூன்று காணொளிகளுக்கும் சேர்த்து 12,000 ரூபாய். ஒன்று மட்டும் போதுமென்றால் 4,500 ரூபாய். பாதித் தொகையைப் படப்பிடிப்பு நாளன்றும், மீதியை வேலை முடிந்து ஒப்படைக்கும்போதும் தந்தால் போதும். இரண்டு முறை திருத்தங்கள் இதிலேயே அடங்கும். முகநூலிலும் இன்ஸ்டாகிராமிலும் பணம் கட்டி விளம்பரப்படுத்த விரும்பினால், அந்தத் தொகையைத் தங்கள் கணக்கிலிருந்தே நேரடியாகச் செலுத்தலாம். அதில் எனக்குப் பங்கு எதுவும் கிடையாது. எத்தனை பேர் பார்ப்பார்கள், எவ்வளவு விற்கும் என்ற உறுதிமொழியை நான் தருவதில்லை. கடைக்கு வருபவர்களிடம் ‘எங்கே பார்த்து வந்தீர்கள்?’ என்று கேட்டுக் குறித்து வைத்தால், பலன் உண்டா என்பது தங்களுக்கே தெரிந்துவிடும்.

ஆடி மாதமாதலால் கல்யாணக் கூட்டம் இப்போது குறைவு. ஆவணி முகூர்த்தங்கள் தொடங்குவதற்குள் காணொளிகள் தயாராகிவிட்டால் நல்லது. கடை திறந்தவுடன், கூட்டம் சேர்வதற்கு முன் இரண்டு மணி நேரம் அனுமதித்தால் வியாபாரத்துக்கு இடையூறு இல்லாமல் எடுத்து முடித்து, ஒரு வாரத்தில் ஒப்படைத்துவிடுவேன்.

இதற்கு முன் ஒரு வெற்றிலை பாக்குக் கடைக்கும் ஒரு காபித்தூள் கடைக்கும் எடுத்த காணொளிகளை, அவர்களுடைய ஒப்புதலுடன் இத்துடன் அனுப்பியுள்ளேன். பார்த்துவிட்டு, விருப்பமிருந்தால் இதே வாட்ஸ்அப் எண்ணில் ஒரு வரி தெரிவியுங்கள். தங்களுக்கு வசதியான நேரத்தில் கடைக்கே வந்து நேரில் பேசுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
செந்தில்குமார்
காணொளித் தயாரிப்பாளர், கும்பகோணம்