இன்ஃபுளுயன்ஸா பரவல்: வார்டுகளில் பார்வையாளர் நேரம் மாற்றம் குறித்த அறிவிப்பு

அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை
நாள்: 23.11.2025

நமது மருத்துவமனையின் 3, 4 எண் ஆண்கள் பொது மருத்துவ வார்டுகளிலும் 7 ஆம் எண் பெண்கள் வார்டிலும் வேறு நோய்களுக்காகச் சேர்ந்திருந்த 9 பேருக்குக் கடந்த ஒரு வாரத்தில் இன்ஃபுளுயன்ஸா காய்ச்சல் தொற்றியுள்ளது. அவர்களைக் கவனித்துவந்த செவிலியர்கள் 4 பேரும் காய்ச்சலால் விடுப்பில் உள்ளனர். எனவே 24.11.2025 திங்கட்கிழமை காலை 6 மணி முதல், கீழ்க்கண்ட விதிமுறைகள் எல்லா உள்நோயாளி வார்டுகளிலும் நடைமுறைக்கு வருகின்றன.

பார்வையாளர் நேரம் மாலை 4 மணி முதல் 5 மணி வரை மட்டுமே. ஒரு நோயாளியை ஒரு நாளில் ஒருவர் மட்டுமே பார்க்கலாம். வாயிலில் ஆள் மாற்றிக்கொள்ள அனுமதி இல்லை. தொற்று உறுதியானவர்களை வைத்துள்ள 11 ஆம் எண் தனிமை வார்டுக்குப் பார்வையாளர்கள் செல்ல இயலாது. நீல நிற அட்டை பெற்று நோயாளியுடன் தங்கியிருக்கும் உதவியாளர் ஒருவர் தொடர்ந்து இருக்கலாம். ஆனால் 48 மணி நேரத்துக்கு முன்பாக அவர் மாறக்கூடாது. குழந்தைகள் வார்டில் தாயோ, தாய் இல்லாத நிலையில் குழந்தையை வளர்ப்பவரோ உடனிருக்கலாம். பிரசவ வார்டில் உடனிருக்கும் பெண் துணைக்கு எந்தத் தடையும் இல்லை.

“எனக்குக் காய்ச்சல் இல்லையே, என்னை ஏன் நிறுத்துகிறீர்கள்?” என்று வாயிலில் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. இன்ஃபுளுயன்ஸா தொற்றியவர், தமக்குக் காய்ச்சலோ இருமலோ தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பிறருக்குப் பரப்பக்கூடும் என்பதால், வாயிலில் வெப்பமானி வைத்துப் பார்ப்பதால் மட்டும் அவரைக் கண்டுபிடிக்க இயலாது. உள்ளே வருவோரின் எண்ணிக்கையைக் குறைப்பதே எங்களிடம் உள்ள வழி. டயாலிசிஸ் செய்துகொள்பவர், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர், கட்டுக்குள் வராத சர்க்கரை நோய் உள்ளவர் ஆகியோருக்கு இந்தக் காய்ச்சல் நிமோனியாவாக முற்றும் அபாயம் அதிகம். அவர்கள் உங்கள் உறவினருக்கு அடுத்த கட்டிலில்தான் படுத்திருக்கிறார்கள்.

காய்ச்சல், இருமல், தொண்டை வலி, மூக்கு ஒழுகுதல் இவற்றில் ஏதேனும் உள்ளவர்களும், 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளும் பார்வையாளர்களாக வர வேண்டாம். கர்ப்பிணிகளும் 65 வயதைக் கடந்தவர்களும் தங்கள் நலன் கருதி வருவதைத் தவிர்க்க வேண்டும். வருகிறவர்கள் மூக்கையும் வாயையும் மூடும்படி முகக்கவசம் அணிந்து, வார்டுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும். கட்டிலில் உட்காரக்கூடாது. வீட்டுச் சாப்பாட்டைப் பகல் 12 மணி முதல் 1 மணிக்குள் முன்வாயில் கவுண்டரில் கொடுக்கலாம். டிபன் கேரியரின் மேல் நோயாளியின் பெயர், வார்டு எண், கட்டில் எண் ஆகியவற்றை எழுதி ஒட்டுங்கள். சென்ற வாரம் ஒரே மாதிரியான மூன்று கேரியர்கள் இடம் மாறிப்போய், சர்க்கரை நோயாளி ஒருவருக்குக் கேசரி போய்ச் சேர்ந்தது.

இறுதிக் கட்டத்தில் உள்ள நோயாளிகளுக்கான விதிவிலக்கு

மேற்கூறிய நேரக் கட்டுப்பாடும் ஆள் கட்டுப்பாடும், உயிர் பிரியும் நிலையில் உள்ள நோயாளிகளின் குடும்பத்தாருக்குப் பொருந்தாது. 11 ஆம் எண் தனிமை வார்டுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் இவ்விலக்கு உண்டு.

நோயாளி இன்னும் சில நாட்களுக்கு மேல் தாங்கமாட்டார் என்று பணியில் உள்ள மருத்துவர் கருதினாலே போதும். கடைசி மணி நேரம் வரை காத்திருக்கமாட்டோம். மருத்துவர் தாமே உங்களை அழைத்துச் சொல்வார். அவர் சொல்வதற்கு முன்பே உங்களுக்கு அப்படித் தோன்றினால், தயங்காமல் வார்டு செவிலியரிடம் கேளுங்கள். இரவு 2 மணியானாலும் அன்றைய பணி மருத்துவரே அனுமதி வழங்கலாம். கண்காணிப்பாளரின் கையெழுத்துக்காக எவரும் வாயிலில் நிற்க வேண்டியதில்லை. இதற்கான மஞ்சள் அட்டை விலையில்லாதது. அதற்காகவோ உள்ளே விடுவதற்காகவோ யாரேனும் பணம் கேட்டால், விசாரணைக் கவுண்டரில் உள்ள நிலைய மருத்துவ அலுவலரிடம் உடனே தெரிவியுங்கள்.

மஞ்சள் அட்டை பெற்ற குடும்பத்திலிருந்து, பகலிலும் இரவிலும் எந்நேரமும் ஒரே சமயத்தில் இருவர் நோயாளியின் அருகில் இருக்கலாம். வெளியே காத்திருப்பவர்கள் முறை மாற்றிக்கொண்டு உள்ளே வரலாம். யார் வர வேண்டும் என்பதை நோயாளியே சொல்லும் நிலையில் இருந்தால் அவர் சொல்வதே முடிவு. அவரால் பேச இயலாதபோது குடும்பத்தார் கூடிப் பேசிச் சொல்லலாம். உறவுக்குச் சான்றிதழ் எதையும் கேட்கமாட்டோம். நண்பரானாலும் பக்கத்து வீட்டுக்காரரானாலும் தடையில்லை. குடும்பத்துக்குள் மனத்தாங்கல் இருப்பின், இரு தரப்பாருக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கித் தருவோம். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பெரியவர் ஒருவருடன் வந்து பார்த்துச் செல்லலாம்.

உங்களுக்கே காய்ச்சலோ இருமலோ இருந்தாலும் அதை மறைக்க வேண்டாம். சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவோம் என்று அஞ்சவும் வேண்டாம். முகக்கவசமும் மேலங்கியும் கொடுத்து, மற்ற நோயாளிகளைக் கடக்காத பின்வழியாக அழைத்துச் செல்வோம். நோயாளியின் கையைப் பிடித்துக்கொள்ளலாம், தலையைத் தடவிக்கொடுக்கலாம். தனிமை வார்டில் கையுறை தருவோம். ஆனால் அதை அணிந்தே தொட வேண்டும் என்பதில்லை, வெளியே வந்ததும் கை கழுவினால் போதும். முகத்தோடு முகம் வைப்பதையும் முகக்கவசத்தைக் கழற்றுவதையும் மட்டும் தவிர்க்க வேண்டுகிறோம்.

பால், துளசித் தீர்த்தம், கங்கை நீர், ஜம்ஜம் நீர் என்று வாயில் விட விரும்புகிறவர்கள் முதலில் செவிலியரிடம் சொல்லுங்கள். விழுங்கும் திறன் போன பிறகு வாயில் ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கித் திணறலை உண்டாக்கும். சுத்தமான துணியை அதில் நனைத்து உதட்டில் தொட்டு வைக்கச் செவிலியர் உதவுவார். குருக்களையோ பாதிரியாரையோ இமாமையோ அழைத்து வரலாம்; அவரை இருவர் கணக்கில் சேர்க்கமாட்டோம். கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி ஏற்றுவதற்கு ஆக்சிஜன் உள்ள இடத்தில் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதி இல்லை.

உயிர் வீட்டில்தான் பிரிய வேண்டும் என்று எண்ணும் குடும்பங்கள், யாரிடமும் சொல்லாமல் நோயாளியைத் தூக்கிச் செல்ல வேண்டாம். பணி மருத்துவரிடம் பேசினால், வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் உரிய மருந்துகளுடன் முறையாக அனுப்பிவைக்க ஏற்பாடு செய்வோம். வெளிநாட்டிலோ தொலைதூரத்திலோ உள்ள பிள்ளைகள் வந்து சேர முடியாவிட்டால், வார்டில் உள்ள கைப்பேசியில் வீடியோ அழைப்பு செய்து தரச் செவிலியரைக் கேளுங்கள். நோயாளி கண் திறக்காவிட்டாலும் அந்தக் கைப்பேசியை அவர் காதருகே பிடித்துக்கொள்ளும்படி செவிலியர்களுக்கு அறிவுறுத்தியுள்ளோம்.

இறப்புக்குப் பின், குடும்பத்தார் அரை மணி நேரம் உடலருகே இருக்கலாம். இன்ஃபுளுயன்ஸாவால் இறந்தவராயினும் முகம் பார்க்கவும், குளிப்பாட்டவும், தங்கள் வழக்கப்படி அடக்கமோ தகனமோ செய்யவும் தடையில்லை. குளிப்பாட்டுகிறவர்கள் கையுறையும் முகக்கவசமும் அணிந்து, முடிந்ததும் சோப்பிட்டுக் குளிக்க வேண்டும். உடலை வீட்டுக்குக் கொண்டுசெல்ல இலவச அமரர் ஊர்திக்கு 155377 என்ற எண்ணில் அழைக்கலாம்.

இந்த ஏற்பாடுகள் ஒவ்வொரு திங்கட்கிழமையும் மறுபரிசீலனை செய்யப்படும். முதல் மறுபரிசீலனை 01.12.2025 அன்று. தொடர்ந்து 7 நாட்கள் புதிய தொற்று இல்லாத வார்டில் பழைய நேரம் திரும்பும். படிக்க இயலாதவர்களுக்கு இவ்வறிவிப்பை விசாரணைக் கவுண்டரில் உள்ளவர் வாசித்துச் சொல்வார்.

மருத்துவக் கண்காணிப்பாளர்
அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனை