பாளையங்கோட்டை உதவித்தொகை விழா: வழிகாட்டி உரை

பிள்ளைகளா, வணக்கம். நாங்குநேரி, ராதாபுரம், அம்பைன்னு காலையிலேயே பஸ் ஏறி வந்த பெற்றோருக்கும் வணக்கம். இந்த 20,000 ரூபாய் உங்க மார்க்குக்கும் நேர்காணலில் நீங்க சொன்ன பதிலுக்கும் கிடைச்சது. யாரும் தயவு பண்ணலை.

முதல் தவணை 12,000 இந்த வாரம். மீதி 8,000, செமஸ்டர் மார்க் ஷீட் கொடுத்ததும். அரியர் ஒன்றிரண்டு விழுந்தா தவணை நிற்காது. வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போனா நின்னுரும்.

பணம் திரும்பிப் போறது பெரும்பாலும் வங்கியிலதான். பள்ளியில தொடங்கின கணக்கு ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லாம கிடந்தா செயலிழந்திருக்கும். நாளைக்கே ஆதாரும் பாஸ்புக்கும் கொண்டுபோய் கேஒய்சி கொடுத்து, நூறு ரூபா போட்டுப் பாருங்க. ஆதார்ல இனிஷியல் முன்னால, பாஸ்புக்குல பின்னால இருந்தா அதையும் திருத்திருங்க. சின்ன விஷயந்தான், ஆனா மாசக்கணக்கில இழுக்கும்.

கலந்தாய்வு வழியா பொறியியல் சேர்ந்தவங்க முதல் பட்டதாரி சான்றிதழை இ-சேவை மையத்துல வாங்குங்க. குடும்பத்துல ஒருத்தருக்குத்தான் அந்தச் சலுகை. கல்விக் கட்டணம் மட்டுமே குறையும். விடுதி, பஸ், தேர்வுக் கட்டணம் தனி, அதுக்கு இந்தப் பணத்தை ஒதுக்குங்க.

பாடம் ஆங்கிலத்துல ஓடுதா? புரியாத சொல்லை அன்னைக்கே வாத்தியார்ட்ட கேளுங்க. சரி, பேர் வாசிக்கேன், மேடைக்கு வாங்க.