பல்லடம் பக்கம் 1,000 நாட்டுக்கோழிப் பண்ணைக்கான சோலார் திட்டம்

அண்ணா, முதலில் ஒன்றைப் பிரித்துவிடுவோம்: குஞ்சுக்கு வெளிச்சம் வேறு, சூடு வேறு. குஞ்சுக்கு 2 வாட் கணக்கில் குண்டு பல்பு போட்டால் 1,000 குஞ்சுக்கு 2,000 வாட். ஓர் இரவு 12 மணி நேரத்துக்கு 24 யூனிட். இதை பேட்டரியில் ஓட்டுவது பணத்தைக் கொட்டுவதுதான். சூட்டுக்கு கேஸ் புரூடர் வையுங்கள். முதல் வாரம் 33 டிகிரி அளவில் வைத்து, பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைத்தால் போதும். சோலார் வெளிச்சம், ஃபேன், தண்ணீர் மோட்டார் மூன்றை மட்டும் பார்த்துக்கொள்ளும்.

ஒரு நாள் கணக்கு இது:

9 வாட் எல்.இ.டி. 8, இரவு 12 மணி நேரம்: 0.86 யூனிட்.
35 வாட் பி.எல்.டி.சி. ஃபேன் 4, பகல் 10, இரவு 4 மணி நேரம்: 1.96 யூனிட்.
அரை ஹெச்.பி. மோட்டார், பகல் 1 மணி நேரம்: 0.6 யூனிட்.

மொத்தம் 3.4 யூனிட். 540 வாட் பேனல் நான்கு போடுகிறோம். நல்ல வெயிலில் இது மிச்சம்தான். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வானம் மூடினால் முழு வெயில் 2 மணி நேரம் தேறுவதே கஷ்டம். அன்றைக்கு இந்த நான்கும் இழப்பு போக ஏறத்தாழ 3.3 யூனிட் தரும்.

நீங்கள் கேட்ட 1 ஹெச்.பி. மோட்டார் வேண்டாம். ஸ்டார்ட் ஆகும்போது நாலைந்து மடங்கு கரண்ட் இழுத்து, 3 கே.வி.ஏ. இன்வெர்ட்டரை டிரிப் செய்யும். வெயில்காலத்தில்கூட 1,000 கோழி சுமார் 300 லிட்டர்தான் குடிக்கும். 2,000 லிட்டர் தொட்டியை மேலே ஏற்றி வைத்து, 11 மணிக்கு டைமரில் நிரப்புங்கள். இரவில் மோட்டார் ஓடவே கூடாது.

பேட்டரி 12 வோல்ட் 150 ஏ.ஹெச். டியூபுலர் நான்கு, சீரியஸில் 48 வோல்ட். பாதி வரை இறக்கினால் 3.6 யூனிட், இரண்டு இரவு தாங்கும். சார்ஜ் கரண்டை 20 ஆம்பியரில் நிறுத்திவிடுங்கள். பேனலை இரண்டிரண்டாக சீரியஸில் போட்டு, அந்த இரண்டு ஜோடியையும் பேரலலில் சேருங்கள். மூன்றை சீரியஸில் போட்டால் குளிர்ந்த காலையில் 150 வோல்ட்டைத் தாண்டும். அந்த அளவே தாங்கும் எம்.பி.பி.டி. சார்ஜ் கன்ட்ரோலர் கருகிவிடும்.

விளக்குக்கும் ஃபேனுக்கும் தனித்தனி லைன் கட்டாயம். நடு இரவில் வெளிச்சம் சட்டென்று போனால் குஞ்சுகள் மிரண்டு ஒரே மூலையில் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும். அடியில் இருப்பவை மூச்சு முட்டிச் செத்துவிடும். பேட்டரி 48.4 வோல்ட்டுக்கு வந்ததும் ஃபேன் லைனை ரிலே வெட்ட வேண்டும். விளக்கு 46 வோல்ட் வரை எரியட்டும். அதற்கு மேலும் நம்பிக்கைக்கு, சொந்த பேட்டரியுள்ள எமர்ஜென்சி பல்பு இரண்டு புரூடர் அறையில் இருக்கட்டும்.

பேட்டரியையும் இன்வெர்ட்டரையும் கொட்டகைக்குள் வைக்காதீர்கள். எச்சத்திலிருந்து வரும் அம்மோனியா டெர்மினலை அரிக்கும், தூசு இன்வெர்ட்டர் ஃபேனை அடைக்கும். பேனலையும் பழைய ஷீட் கூரையில் ஏற்றாமல், ஃபேன் காற்று வெளியேறும் பக்கத்துக்கு எதிர்ப்புறம் தரையில் இரும்புக் கால் நட்டு, தெற்கு பார்த்து 11 டிகிரி சாய்வில் நிறுத்துங்கள். கிழக்கே உள்ள தென்னையின் நிழல் காலை 9 மணிக்கு எங்கே விழுகிறது என்று பார்த்துவிட்டுக் குழி தோண்டுங்கள்.