பெங்காலி புக்கு பாட்டு, நம்ம புள்ளைங்களுக்கு

அக்கா, நம்ம ஆஸ்பத்திரி வார்டு புள்ளைங்களுக்கு தமிழ்ல பாட்டாக்கித் தரச் சொல்லி நீங்க அனுப்புன பெங்காலி படப் புக்கோட நாலு பக்க போட்டோவும் பாத்தேன், லாட்ஜுல தங்கியிருக்கற அந்த கொல்கத்தா அக்கா படிச்சு அனுப்புன வாய்ஸையும் திரும்பத் திரும்ப கேட்டேன், அவங்க வரி வரியா நாலு தட்டு தட்டி படிக்கறாங்க, அந்த தட்டு தான் பாட்டோட உசுரு. அதனால அர்த்தத்த கொஞ்சம் தளர விட்டு தட்ட கெட்டியா புடிச்சிருக்கேன். பெங்காலில ஓசை வரி முடிவுல வருது, நமக்கு ரெண்டாவது எழுத்துல எதுகையோ மொத எழுத்துல மோனையோ விழுந்தா தான் வாய் தானா பாடும், ரெண்டையும் வெச்சிருக்கேன். ஆனா படத்துல இருக்கறது எதையும் மாத்தல, புள்ளைங்க கண்ணு படத்து மேல தான் இருக்கும்.

முதல் பக்கம், மழை

சொட்டுச் சொட்டு மழை வருது
தட்டித் தட்டித் தகரம் பாடுது
குட்டித் தவளை சேப்பிலைக் குடையில
எட்டி எட்டிக் குதிச்சு ஓடுது

அவங்களுக்கு மழை "டாபுர் டுபுர்"னு பெய்யும், நமக்கு "சொட்டு சொட்டு". ட்டு, ட்டி வர்ற எடத்துல எல்லாம் மேசைய தட்டுங்க.

ரெண்டாவது, மீன்

கடுகு எண்ணெ சடசட
கரண்டி சத்தம் கடகட
மீனப் பாத்த பூனைக்கு
மீசை ரெண்டும் படபட

அது இலிஷ் மீனு, கடல்லேர்ந்து கங்கைல ஏறி வர்றது. பாட்டுல அந்த பேர போட்டா மீசையோட மோனை போயிடுது, அதனால விட்டுட்டேன், கேக்கற புள்ளைக்கு படத்த காட்டி சொல்லுங்க. கடுகெண்ணெய நல்லெண்ணெய் ஆக்கிடாதீங்க, அது அவங்க வீட்டு வாசனை.

மூணாவது, நிலா

வானம் மூடி மேகம் தூங்குது
வாங்க வாங்க அம்புலி மாமா
ஆத்து மேல ஓடம் தூங்குது
ஆடி ஆடித் தூங்கலாமா?

நிலாவ அவங்களும் மாமான்னு தான் கூப்புடறாங்க, அதனால இது சுலபமா வந்துச்சு. இத மட்டும் இழுத்துப் படிங்க, வாஆனம், ஆஆத்து.

நாலாவது, ரயிலு

கூ... குச்சு குச்சு
ரயிலு வந்தாச்சு
பாலம் தடதட
படகு நின்னாச்சு
சன்னல் ஓரம் யாரு யாரு?
தொப்பி போட்ட பூனை பாரு!

இது தான் எனக்கு ரொம்ப புடிச்சது. அதுல "கூ ஜிக் ஜிக்"னு கீது, அப்படியே வெச்சிருந்தா கூட புள்ளைங்க சிரிக்கும், ஆனா "குச்சு"ன்னாதான் "வந்தாச்சு, நின்னாச்சு"வோட சேருது. ஹவுரா ரயிலு காட்பாடில நிக்கறத பாத்த புள்ளைங்க ஆச்சே, "கூ"வ அதுங்ககிட்டயே விட்டுடுங்க. "யாரு யாரு"ன்னு கேட்டுட்டு கொஞ்சம் நிறுத்துங்க, பூனைய அதுங்களே கண்டுபுடிக்கட்டும்.

பிரிண்ட் எடுக்கறப்ப படத்துக்கு கீழயே பாட்டு வரட்டும், எழுத்து பெருசா. அந்த அக்காவுக்கும் ஒரு காப்பி குடுங்க, அவங்க பையன் பெங்காலில படிக்க, நம்ம புள்ளைங்க தமிழ்ல படிக்க, தட்டு ரெண்டுக்கும் ஒண்ணு தான், வார்டுல எல்லாரும் ஒண்ணா தட்டலாம்.