ஜூன் 1 முதல் உங்கள் கடைக் கணக்கு எங்களிடம்: முதல் மாதம் எப்படிப் போகும்

அன்புள்ள திருமதி சர்மிளா அவர்களுக்கு,

வணக்கம். கையொப்பமிட்ட ஒப்பந்தக் கடிதம் நேற்று வந்து சேர்ந்தது, நன்றி. புறக்கோட்டைக் கடையின் கணக்கும் வரி வேலைகளும் இனி எங்கள் பொறுப்பு.

இந்த வாரம் உங்களிடமிருந்து வேண்டியவை: வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வரி இலக்கம், வற் பதிவுச் சான்றிதழ், ஏப்ரல் முதல் இன்றுவரையான வங்கிக் கூற்றுகள், ஊழியர்களின் சம்பளப் பட்டியல். பழைய கணக்காளரிடம் பேச வேண்டியிருந்தால் ஒரு சொல் சொல்லுங்கள், நாங்களே பேசிக்கொள்கிறோம். அந்தப் பேச்சில் உங்களுக்குச் சங்கடம் வேண்டாம்.

பில்களை நீங்கள் அடுக்கிவைக்கத் தேவையில்லை. ஒரு பையில் போட்டு வையுங்கள், எங்கள் தம்பி நிரோஷன் வெள்ளிக்கிழமைதோறும் கடைக்கு வந்து எடுத்துச் செல்வார். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மொத்த வியாபாரியிடம் துணி எடுக்கும்போது வெறும் பில் வாங்காமல், உங்கள் வற் இலக்கம் போட்ட வரி விலைப்பட்டியலாகக் கேட்டு வாங்குங்கள். அது இல்லாவிட்டால் நீங்கள் கட்டிய 18 வீதத்தைக் கழிக்க முடியாது. முழுவதும் உங்கள் தலையில்தான் விழும். "பிறகு தருகிறேன்" என்பவர்களிடம் கொஞ்சம் கறாராகவே இருங்கள்.

திகதிகளைப் பார்ப்போம். மே மாதச் சம்பளத்தில் பிடித்த வரியை ஜூன் 15க்கு முன்னரும், ஈபிஎப், ஈரிஎப் பணத்தை ஜூன் முடிவதற்குள்ளும் கட்ட வேண்டும். ஈபிஎப்புக்கு ஊழியரிடம் 8 வீதம், உங்கள் பங்கு 12. ஈரிஎப் 3 வீதம் முழுக்க உங்களுடையது, அதைச் சம்பளத்தில் பிடிக்கக்கூடாது. ஜூன் 30ஆம் திகதியோடு வற் காலாண்டு முடிகிறது. வரியை ஜூலை 20க்குள் கட்டி, விபரத்திரட்டை அந்த மாத முடிவுக்குள் கொடுக்க வேண்டும்.

தொகையைக் கணக்கிட்டு, படிவத்தையும் தயாரித்து நாங்கள் அனுப்புவோம். பணத்தை உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து நீங்களே கட்டுங்கள். எங்கள் ஊழியர் யாரிடமும் வரிப்பணம் காசாகக் கொடுக்க வேண்டாம், யார் கேட்டாலும் சரி. வங்கிக் கடவுச்சொல்லும் எங்களுக்கு வேண்டாம்.

அன்றாடக் கேள்விகளுக்கு சுகந்தி. உங்கள் கணக்கை எழுதுபவர் அவர்தான். சம்பளம், ஈபிஎப் விடயங்களுக்கு பாத்திமா. இறைவரித் திணைக்களத்திலிருந்து கடிதம் வந்தால் யாரையும் தேடாமல் படம் எடுத்து நேரே எனக்கு அனுப்புங்கள். எத்தனை சின்னக் கடிதமாக இருந்தாலும் பரவாயில்லை. அலுவலகம் காலை 8.30 முதல் மாலை 5 வரை. பொசன் போயா அன்று மூடியிருக்கும்.

ஜூன் மூன்றாவது வாரத்தில் சுகந்தியும் நானும் கடைக்கு வந்து இருப்பைப் பார்ப்போம். சனி மதியம் உங்களுக்கு வியாபாரம் அதிகம் என்று சொன்னீர்கள், அதனால் வேறு நாளில் வருகிறோம். அப்புறம் மாத முடிவில் வரவு, செலவு, கையிருப்பு, கடன் நான்கையும் ஒரே பக்கத்தில் எழுதி அனுப்புவோம். புரியாத எண் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்.

எந்த நாள் வசதி என்று இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கள்.

அன்புடன்,
கஜேந்திரன்
வாடிக்கையாளர் பொறுப்பாளர்
வெள்ளவத்தை அலுவலகம், கொழும்பு 6