அச்சான ஆண்டு

ஏற்காட்டை அடுத்த நாகலூரில் வேலுவின் வீட்டுப் பரணில் பழைய சமூக அறிவியல் புத்தகம் ஒன்று இருந்தது. அவனுடைய சித்தப்பா படித்தது. பள்ளியில் கொடுத்த புதிய புத்தகங்கள் இருந்தும், சேலம் மாவட்டத்தின் பெரிய வரைபடம் இருந்த காரணத்தால் வேலுவுக்கு இதன்மேல்தான் பற்று. காப்பிப் பழம் பறிக்கப் பெரியவர்கள் போன பிறகு, சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று விரலை ஓட்டி, மலைகளையும் ஆறுகளையும் மனப்பாடம் செய்திருந்தான்.

2010ஆம் ஆண்டு, ஏழாம் வகுப்பில் இருந்தபோது, சேலத்தில் நடந்த வினாடி வினாப் போட்டிக்கு ஆசிரியர் அவனை அழைத்துச் சென்றார்.

"வல்வில் ஓரி ஆண்ட கொல்லிமலை இன்று எந்த மாவட்டத்தில் உள்ளது?"

கேள்வி முடியுமுன் வேலு எழுந்தான். "சேலம் மாவட்டம்!"

தவறு என்றார் நடுவர். வேலு உட்காரவில்லை.

"புத்தகத்துல போட்டிருக்கு சார். வரைபடமே இருக்கு."

பையிலிருந்து புத்தகத்தை எடுத்துக் கொண்டுபோய் நீட்டினான். அவர் வரைபடத்தைப் பார்க்காமல் முதல் தாளைப் புரட்டினார். 1994 என்று அச்சாகியிருந்தது.

"தம்பி, இது அச்சான வருஷத்துல நீ சொன்னது சரியான விடை. 1997 ஜனவரி முதல் தேதி நாமக்கல் தனி மாவட்டம் ஆச்சு. கொல்லிமலையும் அதோட போயிருச்சு."

மதிப்பெண் கிடைக்கவில்லை. நாமக்கல் ஒரு மாவட்டம் என்பது வேலுவுக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அந்தச் செய்தியும் தான் நாள்தோறும் பார்த்த வரைபடமும் ஒன்றையொன்று மறுக்கின்றன என்று அவனுக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. கவனக்குறைவு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. அவ்வளவு கருத்தாகப் படித்த பிள்ளை அவன். ஒரு நூலில் முதலில் பார்க்க வேண்டியது அச்சான ஆண்டு என்று அவனுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

மலையேறும் பேருந்தில் அவன் ஆசிரியரைக் கேள்விகளால் துளைத்தான். தருமபுரியும் முன்பு சேலத்தோடு இருந்து 1965இல் பிரிந்தது என்றும், அதிலிருந்து 2004இல் கிருஷ்ணகிரி பிரிந்தது என்றும் அவர் சொன்னார். அவன் இரண்டு ஆண்டுகளையும் உள்ளங்கையில் எழுதிக்கொண்டான்.

நடந்ததைக் கேட்ட சித்தப்பாவின் முகம் வாடியது. "நாமக்கல் பிரிஞ்சது எனக்குத் தெரியும்டா. அந்தப் புத்தகத்துல பழசாவே இருக்குமேன்னு நெனைக்கல. நான்தான் உன் கையில கொடுத்தேன்."

"நீங்க படிச்சப்போ சரிதான் சித்தப்பா," என்று சொல்லிவிட்டு, வேலு வரைபடத்தை விரித்துப் பென்சிலை அவரிடம் கொடுத்தான். "எங்க பிரிஞ்சதுன்னு கோடு போடுங்க."

அவர் பேருந்துத் தடங்களை நினைத்துக்கொண்டே மெல்லக் கோடு இழுத்தார்.

"ராசிபுரம்?"

"நாமக்கல்."

"ஆத்தூர்?"

"அது நம்ம பக்கம்."